விடை தரும் மடல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

தோழி ஒருத்திக்கு வெளிநாடு சென்று படிக்க விசா எனப்படும் நுழைவிசைவு கிடைத்துவிட்டது. செய்தி கேட்டதும் மனம் மகிழ்கிறது; அடுத்த நொடியே, இனி அவள் இங்கே இருக்கமாட்டாள் என்பதும் புரிகிறது. இந்த இரண்டு உணர்வுகளும் உண்மையானவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் மடல் பொய்யாகும். இரண்டையும் கலந்து கொட்டினால் மகிழ்ச்சி கெடும். அவற்றை ஒரு பக்க மடலில் எவ்வாறு அமைப்பது என்பதை, ஒரு வரைவையும் அதன் திருத்திய வடிவையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது இப்பாடம்.

எழுதுபவரும் பெறுபவரும்

பாடத்துக்காக ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணத்தைச் சேர்ந்த தோழியர் இருவர். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒன்றாகப் படித்தவர்கள். இருவரும் கட்டடப் பொறியியல் பட்டம் பெற்றவர்கள். மேற்படிப்புக்கு ஜெர்மனி செல்லவேண்டும் என்று இருவருமே திட்டமிட்டிருந்தனர். ஒருத்தியின் தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. வாரத்தில் மூன்று நாள் அவரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்ததால் அவள் உள்ளூரிலேயே வேலையில் சேர்ந்தாள். மற்றவள் தொடர்ந்து முயன்றாள். டிரெஸ்டன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீர் அறிவியலும் பொறியியலும் பயில அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது விசாவும் கிடைத்துவிட்டது. ஊரில் இருப்பவள், செல்பவளுக்கு ஒரு மடல் எழுதவேண்டும்.

இத்தகைய மடல் எழுதுவது எளிதன்று. எழுதுபவளிடம் தோழியின் வெற்றியால் வந்த மகிழ்ச்சி இருக்கிறது. பிரிவின் வருத்தம் இருக்கிறது. தன்னால் செல்ல இயலவில்லை என்ற ஏக்கமும் இருக்கிறது. மடல் இம்மூன்றையும் தாங்கவேண்டும். ஆனால், அவற்றுள் எதையும் பெறுபவள் தலையில் சுமையாக ஏற்றக்கூடாது.

எதற்காக வாழ்த்துகிறோம்?

ஒருவரை வாழ்த்துவதற்கு முன், அவர் எதைக் கடந்து வந்தார் என்பதை அறிந்திருக்கவேண்டும். விசா என்பது கடவுச்சீட்டின் ஒரு பக்கத்தில் ஒட்டப்படும் சிறிய தாள். அந்தத் தாளுக்குப் பின்னால் பல மாத உழைப்பு உள்ளது.

ஜெர்மனியில் பட்ட மேற்படிப்புப் படிக்க விரும்பும் இந்திய மாணவர் முதலில் பல்கலைக்கழகத்தில் இடம் பெறவேண்டும். அவருடைய மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றும் உண்மையானவை என்று ஆராய்ந்து தரப்படும் தனிச் சான்று ஒன்று வேண்டும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு இச்சான்று தேவைப்படுகிறது. அடுத்து, படிக்கும் காலத்துக்குரிய வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவேண்டும். இதற்குப் பலரும் முடக்கக் கணக்கு என்னும் வங்கிக் கணக்கைப் பயன்படுத்துகின்றனர். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்னதாகவே அதில் செலுத்திவிடவேண்டும். ஆனால், மொத்தமாக எடுக்க முடியாது. 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ. மாதத்துக்கு 992 யூரோ எனப் பகுத்தே அதிலிருந்து பெறமுடியும். பெருந்தொகையான இதனைத் திரட்டுவதற்காகவே பல குடும்பங்கள் கல்விக்கடனுக்கு அலைகின்றன. இவற்றோடு மருத்துவக் காப்பீடும் பிற ஆவணங்களும் சேர்த்து, குறித்த நாளில் நேரில் சென்று விண்ணப்பித்து, கைரேகை பதித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

விசா வந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அங்குச் சென்று வீடு புகுந்தபின், முகவரியை நகர அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யவேண்டும். பின்னர், வெளிநாட்டவருக்கான அலுவலகத்தில் தங்குவதற்கான உரிமத்தைப் பெறவேண்டும். ஆகவே, 'இனி உனக்கு ஒரு கவலையும் இல்லை' என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. செல்பவருக்கு அது தெரியும். தம் நிலையை அறியாமல் எழுதப்பட்ட வாழ்த்தென்று அவர் உடனே உணர்ந்துகொள்வார்.

முதல் வரைவு

ஊரில் இருக்கும் தோழி முதலில் எழுதிய வரைவு பின்வருமாறு அமைந்தது என்று கொள்வோம்.

"அன்புத் தோழி, உனக்கு விசா கிடைத்த செய்தி கேட்டு அளவற்ற மகிழ்ச்சி அடைந்தேன். நீ மிகவும் அதிர்ஷ்டசாலி. எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. எனக்கும் வாய்க்கவில்லை. நீ இல்லாமல் இந்த ஊரில் நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று நினைத்தாலே அழுகை வருகிறது. அங்கே புதிய நண்பர்கள் கிடைத்ததும் என்னை மறந்துவிடாதே. நாள்தோறும் என்னிடம் பேசவேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகப் படி. வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்."

இவ்வரைவில் அன்பு இல்லை என்று எவரும் கூறமுடியாது. இருப்பினும், இதைப் படிக்கும் தோழிக்கு மகிழ்ச்சியைவிடக் குற்றவுணர்வே மிகும். அதற்கான காரணங்களை ஆராயவேண்டும்.

முதல் காரணம், வாழ்த்து பொதுவாக நின்றுவிட்டது. 'அளவற்ற மகிழ்ச்சி அடைந்தேன்' என்ற தொடரைத் திருமணத்துக்கும் எழுதலாம். தேர்வு வெற்றிக்கும் எழுதலாம். இதனைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. மடலில் உள்ள ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, இதை வேறொருவருக்கு அப்படியே அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். முடியும் என்றால், அத்தொடர் இந்தத் தோழிக்காக எழுதப்பட்டதன்று.

இரண்டாம் காரணம், 'அதிர்ஷ்டசாலி' என்ற சொல். பாராட்டுப்போலத் தோன்றும் இச்சொல் பல மாத உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. சான்றுகளுக்காக அலைந்ததையும் வங்கியில் காத்துக்கிடந்ததையும் தற்செயலாக ஆக்கிவிடுகிறது. அதையடுத்து வரும் 'எனக்கும் வாய்க்கவில்லை' என்பது, தோழி தன் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள் என்பதுபோல் ஒலிக்கிறது. எழுதியவளுக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால், இரு தொடர்களும் அடுத்தடுத்து நிற்பதால் அப்பொருள் பிறந்துவிடுகிறது.

மூன்றாம் காரணம், வருத்தம் கட்டளையாக மாறியிருக்கிறது. மறந்துவிடாதே, பேசவேண்டும், பார்த்துக்கொள், சாப்பிடு, படி என்று ஐந்து ஏவல்கள் வருகின்றன. பெறுபவள் செய்யவேண்டியவை மடலில் நிறைந்திருக்கின்றன. எழுதுபவள் செய்யப்போவது ஒன்றுகூட இல்லை. மேலும், 'நாள்தோறும் பேசவேண்டும்' என்பது நிறைவேறக்கூடிய கோரிக்கையன்று. வகுப்பு, சமையல், அலுவலக நடைகள் எனப் புதிய ஊரின் முதல் வாரங்கள் கழியும். நான்காம் நாள் பேச முடியாமல் போனால் அதுவே ஒரு குறையாகும். காக்க முடியாத உறுதிமொழி பிரிவை ஆற்றுவதில்லை, வளர்க்கிறது.

பிரிவைச் சொல்லும் முறை

அவ்வாறாயின், வருத்தத்தை மறைத்துவிடலாமா? அதுவும் சரியன்று. 'நீ போய்வா, எனக்கொன்றும் வருத்தமில்லை' என்று எழுதினால், இத்தனை ஆண்டு நட்பு எளிதில் கைவிடத் தக்கது என்ற பொருள் தொனிக்கும். பிரிவைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும் முறைதான் கேள்வி.

தமிழ் அக இலக்கிய மரபு பிரிவை ஆழ்ந்து ஆராய்ந்த மரபு. பிரிதலும் பிரிதல் நிமித்தமும் பாலைத்திணையின் உரிப்பொருள். ஓதல், பகை, தூது ஆகியவற்றைத் தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களாகக் கூறுகிறது. அவற்றுள் ஓதல் என்பது கல்வி பற்றிய பிரிவு. தலைவன், தலைவி வாழ்வுக்கு வகுக்கப்பட்ட இலக்கணம் இது. என்றாலும், கல்விக்காக ஒருவர் செல்ல, மற்றொருவர் ஊரில் இருக்கும் நிலை இன்றைய நட்புக்கும் பொருந்தக்கூடியதே.

அகப்பாடல்களில் 'செலவழுங்குதல்' என்றொரு துறை உண்டு. பிரிந்து செல்லக் கருதிய தலைவன், தலைவியின் வருத்தத்தை எண்ணித் தன் பயணத்தைத் தள்ளிவைப்பது இத்துறை. இதற்குத் தொல்காப்பியர் தரும் விளக்கம் நுட்பமானது. பயணத்தை நிறுத்துவது செல்லாமலே இருந்துவிடுவதற்காக அன்று. தலைவியைத் தேற்றி வற்புறுத்துவதற்காகச் சற்றே தங்குவதுதான் என்கிறார். இவ்வாறு தேற்றும் சொல்லுக்கு 'வன்புறை' என்று பெயர்.

விடை தரும் மடலுக்கு இதிலிருந்து இரண்டு கருத்துகளைப் பெறலாம். ஒன்று, இருப்பவரின் கண்ணீருக்குச் செல்பவரின் காலைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆகவே, அதை அளந்தே காட்டவேண்டும். மற்றொன்று, பிரிவுக்கு முன் தேற்றும் சொல் ஒன்று வேண்டும். அகப்பாடலில் செல்பவன் இருப்பவளைத் தேற்றுகிறான். இம்மடலிலோ இருப்பவள் செல்பவளைத் தேற்றுகிறாள். 'நீ விட்டுச்செல்லும் இடம் சிதைந்துவிடாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதே அவள் கூறத்தக்க வன்புறை.

திருத்திய மடல்

கும்பகோணம்,
08.09.2025.

அன்புத் தோழி,

வெள்ளிக்கிழமை மாலை நீ கடவுச்சீட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தாளில் உன் பெயரும் படமும் மட்டுமே இருக்கின்றன. எனக்கு அதில் வேறு பலவும் தெரிந்தன. உன் அப்பா நிலப்பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வங்கிப் படியேறிய மூன்று நாள்கள் தெரிந்தன. மதிப்பெண் பட்டியலில் உன் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்ததைத் திருத்துவதற்காக நீ கல்லூரிக்கு நடந்த நடை தெரிந்தது. மொட்டைமாடியில் நின்று, 'ஊ' என்று இதழைக் குவித்து 'ஈ' என்று ஒலித்துப் பழகினாயே, தமிழில் எழுத்தே இல்லாத அந்த ஜெர்மன் ஒலியும் கேட்டது. பக்கத்து வீட்டார் உனக்குப் பல்வலி என்று நினைத்தார்கள். நீ விடவில்லை. இந்த விசாவை உனக்கு எவரும் தரவில்லை; நீ சம்பாதித்தாய்.

நாம் இருவரும் சேர்ந்து போவதாக இருந்தோம். அதை எழுதாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. அப்பாவின் அருகில் இருப்பது என் முடிவு. அதில் எனக்கு வருத்தமில்லை. நீ புறப்படும் நாளில் மட்டும் சிறிது வலிக்கும். அந்த வலிக்கு நீ காரணம் இல்லை. நீ அதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம். உன் வெற்றியில் நான் அடையும் மகிழ்ச்சியை அது குறைக்கவும் இல்லை.

எனக்கு மிகவும் குறையப்போவது காவிரிப் படித்துறை மாலைகள்தாம். எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணி, நாளும் நேரமும் இட்டு உன் நீலக் குறிப்பேட்டில் எழுதுவாய். நான் சுண்டல் தின்றுகொண்டு உன்னைக் கேலி செய்வேன். அந்தக் கணக்குத்தான் உன்னை நீரியல் படிக்க அழைத்துச் செல்கிறது என்று இப்போது தோன்றுகிறது. குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. இனி ஞாயிறுதோறும் படிகளை நான் எண்ணி எழுதுகிறேன். நீ எல்பே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காவிரிக் கணக்கு விட்டுப்போகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு நான் அழைக்கிறேன். அப்போது உனக்கு மாலை ஐந்து மணி. அக்டோபர் 26 முதல் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள். அதன்பின் உனக்கு நான்கு மணியாக இருக்கும். படிப்போ வேலையோ இருந்தால் எடுக்கவேண்டாம். படிக்கணக்கைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுகிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போய், அம்மாவுக்கு உன்னோடு காணொலியில் பேச அழைப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்கு அந்தப் பொத்தான் எது என்று இன்னும் பிடிபடவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஒரு மாலையைப் படித்துறைக்கு ஒதுக்கிவை. அன்றைய கணக்கை நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம். மறுநாளிலிருந்து என் கையெழுத்து.

போய் வா.

உன் அன்புத் தோழி.

மடலின் அமைப்பு

இரு வடிவங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், திருத்தம் சொல்லளவில் மட்டும் நிகழவில்லை என்பது புலப்படும்.

மகிழ்ச்சி முதலில் நிற்கிறது; அது தனித்தும் நிற்கிறது. இரண்டாம் பத்தி முடியும்வரை பிரிவு பற்றிய பேச்சே இல்லை. வாழ்த்தைப் பெறுபவள் அதை முழுமையாகப் பெற்றுக்கொள்ள இடம் தரப்படுகிறது. 'மகிழ்ச்சிதான், ஆனால்' என்று ஒரே தொடரில் இரண்டையும் இணைத்திருந்தால், படிப்பவர் மனம் 'ஆனால்' என்பதற்குப் பின்வருவதையே பற்றிக்கொள்ளும்.

'மகிழ்ந்தேன்' என்று கூறுவதற்கு மாறாக, மஞ்சள் பை, எழுத்துப்பிழை, ஒலிப்பயிற்சி ஆகியவை கூறப்படுகின்றன. இவை வேறு எவருக்கும் எழுத முடியாதவை. தோழியின் உழைப்பை ஒருத்தி அருகிலிருந்து கண்டிருக்கிறாள் என்பதற்கு அவையே சான்று. 'அதிர்ஷ்டம்' நீங்கி, 'நீ சம்பாதித்தாய்' என்பது அவ்விடத்தில் வந்திருக்கிறது.

மூன்றாம் பத்தி மடலின் கடினமான பகுதி. சேர்ந்து செல்லும் திட்டம் முறிந்ததை அது மறைக்கவில்லை. வலி இருப்பதை ஒப்புக்கொள்கிறது. அதன் அளவையும் சொல்கிறது. அந்த வலி தன்னுடையது, தோழி அதற்குப் பொறுப்பல்லள் என்பதையும் தெளிவாக்குகிறது. 'பதில் சொல்லவும் வேண்டாம்' என்ற தொடர் சிறப்பாகக் கருதத்தக்கது. வருத்தத்தைக் கூறுபவர் பெரும்பாலும் ஆறுதலை எதிர்பார்ப்பர். அந்த எதிர்பார்ப்பை இத்தொடர் நீக்கிவிடுகிறது. இப்பத்தி சிறியது என்பதையும் காணவேண்டும். இதனை மேலும் நீட்டியிருந்தால் மடல் எழுதுபவளைப் பற்றியதாகிவிடும்.

பிரிவின் வெறுமையைச் சொல்லும் இடத்தில் 'எப்படி இருக்கப்போகிறேன்' என்ற கேள்வி இல்லை. படித்துறை மாலை என்ற ஒரு காட்சி இருக்கிறது. எது குறையப்போகிறது என்பதைக் குறிப்பாகச் சொன்னதால், அதை எவ்வாறு தொடர்வது என்பதும் உடனே பிறக்கிறது. தோழி எழுதிவந்த கணக்கை இருப்பவள் ஏற்கிறாள். முன்னர்க் கூறிய வன்புறை இதுவே.

ஏவல்களும் இடம் மாறியுள்ளன. எண்ணி எழுதுகிறேன், அழைக்கிறேன், அனுப்பிவிடுகிறேன், அழைப்பைப் போட்டுக் கொடுக்கிறேன் என எழுதுபவளின் செயல்களே மிகுதி. தோழியிடம் வேண்டுவன குறிப்பேட்டைத் தருதல், ஒரு மாலையை ஒதுக்குதல், போய் வருதல் ஆகியவையே. அழைப்புக்கும் எளிய விதி வகுக்கப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை, நேரம் முன்பே குறிக்கப்பட்டது, எடுக்காவிட்டாலும் குற்றமில்லை. இது காக்கக்கூடிய உறுதி.

இறுதியில் 'எல்லா வளமும் பெறுக' என்ற பொது வாழ்த்து இல்லை. 'போய் வா' என்று மடல் முடிகிறது. விடைபெறும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்பதும், விடை தரும்போது 'போய் வா' என்பதும் தமிழர் வழக்கு. செலவையும் வரவையும் ஒருங்கே சொல்லும் இவ்விரு சொற்களுக்குப் பின் வேறு வாழ்த்து வேண்டியதில்லை.

இம்மடலுக்கு ஓர் எல்லையும் உண்டு. இதைத் தோழியின் கையில் நேரில் கொடுப்பதே தகும். அதுவும் புறப்படுவதற்குச் சில நாள்கள் முன்னதாகவே. விமானநிலைய வாயிலில் கொடுத்தால், படித்துவிட்டுப் பேசவோ படித்துறைக்குச் செல்லவோ காலம் இராது. ஒரு மாலையை ஒதுக்கக் கேட்கும் மடல், அந்த மாலை மீதமிருக்கும்போதே சென்று சேரவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஜெர்மனியில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே தள்ளுகின்றனர். ஆதலால், கோடையில் இந்திய நேரம் ஜெர்மனி நேரத்தைவிட மூன்றரை மணி முன்னதாகவும், குளிர்காலத்தில் நான்கரை மணி முன்னதாகவும் இருக்கும். டிரெஸ்டனில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மடலில் குறித்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு, குளிர்காலத்தில் அங்கே இருள் தொடங்கும் பொழுதில் ஒலிக்கும்.

தெரியுமா?

மடல் வடிவத்தை இலக்கியமாக வளர்த்தவர்களுள் மு. வரதராசன் குறிப்பிடத்தக்கவர். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு ஆகியன அவருடைய கடித நூல்கள்.

கற்பவை கற்றபின்

1. ஊர் மாறிச் செல்லும் வகுப்புத் தோழருக்கோ தோழிக்கோ ஒரு பக்க மடல் எழுதுக. எழுதிய பின், வேறொருவருக்கும் அப்படியே அனுப்பக்கூடிய தொடர்களை அடிக்கோடிட்டு, அவற்றைத் திருத்தி அமைக்க.

2. உங்கள் மடலில் பெறுபவர் செய்யவேண்டியவை எத்தனை, நீங்கள் செய்யப்போவதாகக் கூறியவை எத்தனை எனப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக.

1. பிரிவுக்குரிய காரணமாகத் தொல்காப்பியம் கூறுவது
அ) ஊடல் ஆ) ஓதல் இ) இருத்தல் ஈ) இரங்கல்

குறுவினா

2. 'வன்புறை' என்பது யாது?

3. முதல் வரைவில் 'அதிர்ஷ்டசாலி' என்ற சொல் ஏன் பொருந்தவில்லை?

சிறுவினா

4. செலவழுங்குதல் துறைக்குத் தொல்காப்பியர் தரும் விளக்கத்தை விடை தரும் மடலோடு பொருத்திக் காட்டுக.

5. 'அந்த வலிக்கு நீ காரணம் இல்லை. நீ அதற்குப் பதில் சொல்லவும் வேண்டாம்' என்னும் தொடர் மடலில் ஆற்றும் பணியை விளக்குக.

நெடுவினா

6. முதல் வரைவையும் திருத்திய மடலையும் ஒப்பிட்டு, மகிழ்ச்சியும் பிரிவும் ஒரே மடலில் அமையும் முறையைக் கட்டுரைக்க.